ஏழு முறை வகையிடாமல் ஒரு விடை

கேள்வி ஒரே வரிதான். x பூஜ்யத்தை நெருங்க நெருங்க, இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்குகிறது?

(sin(tan x) − tan(sin x)) / (sin⁻¹(tan⁻¹ x) − tan⁻¹(sin⁻¹ x))

கேட்டவர் விளாதிமிர் ஆர்னால்ட், இருபதாம் நூற்றாண்டின் பெரிய ரஷ்யக் கணிதர்களில் ஒருவர். ஹைகன்ஸ், பாரோ, நியூட்டன், ஹூக் ஆகிய நால்வரைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகத்தில் இந்தக் கணக்கு வருகிறது. ஒரு குறும்பான குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. நியூட்டன் காலத்து ஆட்கள் இதைச் சில நிமிடங்களில் முடித்திருப்பார்கள், இன்றைய கணிதர்களால் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை என்கிறார் ஆர்னால்ட். விதிவிலக்காக ஒரே ஒருவரைச் சொல்கிறார். அவர் 1986இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கெர்ட் ஃபால்டிங்ஸ்.

ஆர்னால்டுக்குச் சீண்டுவது பிடிக்கும் என்பதால் குற்றச்சாட்டைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கணக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது. பிளஸ் டூ படித்த எவருக்கும் இதில் உள்ள ஒவ்வொரு குறியும் தெரியும். ஆனாலும் கை வைத்தால் சிக்கிக்கொள்ளும்.

முதலில் தோன்றுவது கால்குலேட்டர். x-க்கு 0.1 போட்டால் விடை சுமார் 1.02 வருகிறது. (கோணங்கள் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரியில் விட்டுவிட்டால் எல்லாம் கெடும்.) பூஜ்யத்துக்கு இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம் என்று 0.001 போட்டால் கணினியே கைவிரிக்கும். அங்கே மேலே உள்ள இரண்டு மதிப்புகளும் ஏறக்குறைய 0.001. அவற்றின் வித்தியாசமோ 3.3 × 10⁻²³ அளவுதான். கணினி வழக்கமாக ஓர் எண்ணைச் சுமார் 16 இலக்கத் துல்லியத்தில் வைத்துக்கொள்கிறது. 0.001-ஐ ஒட்டி அதற்குத் தெரிந்த மிகச் சிறிய இடைவெளி 2 × 10⁻¹⁹. வித்தியாசம் அதைவிட ஆறாயிரம் மடங்குக்குக் குறையாமல் சிறியது. அதனால் திரையில் வருவது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்த பிழைச் செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் அர்த்தமில்லாத ஓர் எண். லாரியை ஏற்றும் எடைமேடையில் ஏலக்காய் நிறுத்துப் பார்ப்பது போலத்தான்.

அடுத்து நினைவுக்கு வருவது பள்ளியில் படித்த லோபிதாலின் விதி. மேலேயும் கீழேயும் பூஜ்யம் வந்து 0/0 என்ற தேறப்பெறாத வடிவம் நின்றால், தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டுப் பார்க்கலாம். மறுபடியும் 0/0 வந்தால் மறுபடியும் வகையிடலாம். பிரெஞ்சுப் பிரபு லோபிதால் 1696இல் வெளியிட்ட நுண்கணிதப் பாடநூலில் இது அச்சேறியது. விதி உண்மையில் யோகான் பெர்னூலியுடையது. கண்டுபிடிப்புகளைத் தனக்கு எழுதி அனுப்பினால் ஆண்டுக்கு 300 லிவர் தருவதாக 1694இல் லோபிதால் அவருக்குக் கடிதம் எழுதினார், பெர்னூலியும் சம்மதித்தார். காசு கொடுத்து வாங்கிய விதியில்தான் பிரபுவின் பெயர் இன்றும் நிற்கிறது.

அந்த விதியை ஆர்னால்டின் பின்னத்தில் போட்டால் என்ன ஆகிறது? தொகுதியின் முதல் பாதியான sin(tan x)-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு முறை வகையிட்டால் cos(tan x) sec²x. இது அழகாகவே இருக்கிறது. இரண்டாம் முறை இரண்டு உறுப்புகள்:

−sin(tan x) sec⁴x + 2 cos(tan x) sec²x tan x

மூன்றாம் முறை, ஒத்தவற்றைச் சேர்த்த பிறகும் நான்கு உறுப்புகள். அங்கும் பின்னம் 0/0 ஆகவே நிற்கும். நான்கு, ஐந்து, ஆறு என்று எத்தனை முறை போனாலும் அதே 0/0தான். ஏழாவது முறையில்தான் பூஜ்யம் அல்லாத எண் கிடைக்கிறது. அதற்குள் sin(tan x) ஒன்றே தாளை நிரப்பிவிடும். அதே வேலையை tan(sin x)-க்கும் செய்தாக வேண்டும். கீழே இருப்பவை வர்க்கமூலங்களைச் சுமந்த நேர்மாறு சார்புகள் என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். நடுவில் ஒரு குறி தவறினால் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. விதி தவறானதல்ல. ஆனால் x = 0 என்ற ஒரே புள்ளியில் தேவைப்படும் ஒரே எண்ணுக்காக, எல்லா x-க்கும் பொருந்தும் சூத்திரத்தை ஏழு தலைமுறைக்கு வளர்க்க வைக்கிறது. வீண் வேலை அங்கேதான் இருக்கிறது.

இனி மாற்று வழி. பூஜ்யத்துக்கு அருகில் sin x-ம் x-ம் கிட்டத்தட்ட ஒன்று. கிட்டத்தட்ட என்றால் எவ்வளவு? x³/6 அளவு குறைவு. அந்தத் திருத்தத்திலும் சிறு பிசகு உண்டு, அது x⁵/120. இப்படித் திருத்தத்துக்குத் திருத்தம் சேர்த்துக்கொண்டே போனால் கிடைப்பது அடுக்குத் தொடர்:

sin x = x − x³/6 + x⁵/120 − x⁷/5040 + …

x = 0.1 என்று போட்டுப் பார்த்தால் இதன் வேகம் தெரியும். முதல் உறுப்பு 0.1. இரண்டாவதைக் கழித்தால் 0.0998333333. மூன்றாவதைச் சேர்த்தால் 0.0998334167. sin 0.1-இன் உண்மை மதிப்போடு ஒன்பது தசம இடங்கள் வரை இது பொருந்துகிறது.

இந்தத் தொடரை ஐரோப்பாவில் நியூட்டன் 1660களில் கண்டார். அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பே கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் இதைக் கண்டிருந்தார் என்று அவர் வழிவந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, வெறும் சூத்திரத்தோடு நிற்காமல் இது ஏன் சரி என்ற விளக்கத்தையும் தருகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வானியலுக்கான துல்லியமான சைன் அட்டவணை. எல்லை காணும் கணக்குக்கு இதே தொடர் உதவுவது நமக்குக் கிடைத்த கொசுறு.

எப்படி உதவுகிறது? பூஜ்யத்துக்கு மிக அருகில் x³-ஐவிட x⁵ அற்பம், x⁵-ஐவிட x⁷ அற்பம். ஆகவே ஒரு பின்னத்தின் எல்லையைக் காண மேலும் கீழும் உள்ளவற்றைத் தொடராக எழுதி, அடிபடாமல் மிஞ்சும் முதல் உறுப்பை மட்டும் பார்த்தால் போதும். அதற்கப்புறம் வரும் எல்லாமே எல்லையில் மறைந்துவிடும். (x − sin x)/x³ என்றால் மேலே மிஞ்சுவது x³/6. விடை 1/6. மனக்கணக்காகவே முடிந்தது.

ஆனால் எத்தனை உறுப்புகள் வரை எழுதுவது? மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓர் எடுத்துக்காட்டு:

(cos x − e^(−x²/2)) / x⁴

cos x என்பது 1 − x²/2 + … என்று தொடங்குகிறது. e^(−x²/2)-ம் அப்படியே 1 − x²/2 + … என்றுதான் தொடங்குகிறது. அவசரக்காரர் இரண்டு உறுப்போடு நிறுத்தி, கழித்தால் பூஜ்யம், ஆகவே விடை 0 என்று எழுதிவிடுவார். அது தவறு. கழித்தபின் எல்லாம் அடிபட்டுப் போனது என்றால் ‘வித்தியாசம் பூஜ்யம்’ என்று பொருளல்ல, ‘நீ எழுதிய அளவுக்குள் வித்தியாசம் தென்படவில்லை’ என்றுதான் பொருள். இன்னும் ஓர் உறுப்பு போக வேண்டும். cos-இல் அடுத்தது x⁴/24, மற்றதில் x⁴/8. கழித்தால் −x⁴/12, விடை −1/12.

இந்தத் தவறைத் தடுக்க ஓர் எளிய பழக்கம் உண்டு. தொடரை வெட்டும் இடத்தில் வெறும் புள்ளிகள் வைக்காமல், விட்டது எந்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது என்றும் எழுதிவிட வேண்டும். ‘1 − x²/2 + (x⁴ முதல்)’ என்று எழுதியவர் கழித்தபின் ‘0 + (x⁴ முதல்)’ என்று எழுதுவார். கீழே நிற்பதும் x⁴ என்பதால் விட்டுவைத்த பகுதியில்தான் விடை இருக்கிறது என்பது கண்ணில் பட்டுவிடும். கணித நூல்களில் இதைப் பெரிய O போட்டு O(x⁴) என்று குறிக்கிறார்கள். விடையைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. x = 0.1 போட்டால் கால்குலேட்டர் −0.08314 காட்டும். −1/12 என்பது −0.08333. போதுமான நெருக்கம். இந்தச் சோதனைக்கு மிகச் சிறிய x-ஐ எடுக்கக் கூடாது. ஏன் என்று எடைமேடைக் கதையில் பார்த்துவிட்டோம்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு தொடருக்குள் இன்னொன்றைச் செருகும்போது, உள்ளே போவது பூஜ்யத்தை நெருங்க வேண்டும். e^(cos x)-ஐ எடுத்துக்கொள்வோம். cos x நெருங்குவது 1-ஐ, பூஜ்யத்தை அல்ல. eᵘ = 1 + u + u²/2 + … என்பதில் u = cos x என்று போட்டால் எந்த உறுப்பும் சிறிதாகாது, எங்கே வெட்டினாலும் தப்பு. அதை e × e^(cos x − 1) என்று பிரித்தால் அடுக்கில் நிற்பது −x²/2 + … ஆகிவிடும். அப்புறம் வண்டி ஓடும்.

ஆர்னால்டின் கணக்கில் அந்தக் கவலை இல்லை. sin x, tan x இரண்டுமே பூஜ்யத்தை நெருங்குபவை. தேவையான இன்னொரு தொடர் இது:

tan x = x + x³/3 + 2x⁵/15 + 17x⁷/315 + …

முதலில் sin(tan x). மேலே உள்ள tan தொடரை t என்று வைத்து, t − t³/6 + t⁵/120 − t⁷/5040 என்பதில் செருக வேண்டும். t³, t⁵, t⁷ ஆகியவற்றை விரிக்கும்போது x⁷-க்கு மேல் போகும் எதையும் ஈவிரக்கமின்றி எறிந்துவிடலாம். வேலையைக் குறைப்பதே அதுதான். மிஞ்சுபவை:

t³ = x³ + x⁵ + (11/15)x⁷
t⁵ = x⁵ + (5/3)x⁷
t⁷ = x⁷

இப்போது ஒவ்வோர் அடுக்கின் கெழுவாகப் பொறுக்கிச் சேர்க்கலாம். x³-க்கு 1/3 − 1/6 = 1/6. x⁵-க்கு 2/15 − 1/6 + 1/120. பகுதியை 120 ஆக்கினால் (16 − 20 + 1)/120, அதாவது −1/40. x⁷-க்கு 17/315 − 11/90 + 1/72 − 1/5040. பகுதியை 5040 ஆக்கினால் (272 − 616 + 70 − 1)/5040, அதாவது −275/5040.

அடுத்து tan(sin x). இம்முறை sin தொடர் உள்ளே போகிறது. அதே மாதிரி பொறுக்கினால் x³-க்கு −1/6 + 1/3. மறுபடியும் 1/6. x⁵-க்கு 1/120 − 1/6 + 2/15. மேலே வந்த அதே மூன்று பின்னங்கள்தான், வரிசை மட்டும் புரண்டிருக்கிறது. விடையும் அதே −1/40. இவ்வளவு தூரம் இரண்டு சார்புகளும் இரட்டையர் மாதிரி ஒன்றாகவே வருகின்றன. லோபிதாலின் விதி ஆறு முறை 0/0 காட்டி அலைக்கழித்ததன் காரணம் இதுதான். x⁷-க்கு வரும்போதுதான் முகம் வேறாகிறது: (−1 + 182 − 560 + 272)/5040 = −107/5040.

கழிப்போம். −275 + 107 = −168. அதை 5040-ஆல் வகுத்தால் −1/30. ஆகத் தொகுதி என்பது −x⁷/30, அதற்கு மேல் x⁹-இல் தொடங்கும் சில்லறை. ஒரு பக்கத் தாளில் முடிந்துவிடுகிறது.

பகுதிக்கும் இதே பாணியில் sin⁻¹, tan⁻¹ தொடர்களை எடுத்துச் செருகலாம். அதில் பிழையில்லை. ஆனால் சற்று நின்று பார்த்தால் அந்தப் பக்கத்தையும் மிச்சப்படுத்தலாம்.

sin(tan x)-ஐ f என்போம். அதில் முதலில் tan, அதன்மேல் sin. இதைத் திருப்ப வேண்டுமென்றால் மேலே இருப்பதை முதலில் நீக்க வேண்டும். டிபன் கேரியரில் கடைசியாக வைத்த அடுக்குதான் முதலில் வெளியே வரும். எனவே f-இன் நேர்மாறு tan⁻¹(sin⁻¹ x). இதே கணக்கில் g = tan(sin x) என்றால் அதன் நேர்மாறு sin⁻¹(tan⁻¹ x). ஆர்னால்டின் பின்னத்தில் மேலே இருப்பது f − g. கீழே இருப்பது g-இன் நேர்மாறிலிருந்து f-இன் நேர்மாறைக் கழித்தது. கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

x + ax³ + bx⁵ + cx⁷ என்று தொடங்கும் சார்பின் நேர்மாறுக்கும் அதே மாதிரி ஒரு தொடர் உண்டு. அதில் x⁷-இன் கெழு, a-யும் b-யும் சேர்ந்த ஏதோ ஒரு கோவையிலிருந்து c-யைக் கழித்தது. அந்தக் கோவை என்ன என்று தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. f-க்கும் g-க்கும் a-யும் b-யும் ஒன்று என்பதால் கழிக்கும்போது அது முழுக்க அடிபடும். c மட்டும்தான் வேறு, நேர்மாறில் அதன் குறி மாறி வருகிறது. g-இன் நேர்மாறு முன்னால் நிற்பதால் மறுபடியும் குறி மாறி, பகுதியும் −x⁷/30 என்றே தொடங்குகிறது. மேலும் கீழும் ஒன்று. எல்லை 1.

இப்போது 1.02 என்று முதலில் வந்த எண்ணும் விளங்கும். x⁹ உறுப்புகள் மேலும் கீழும் வேறுவேறு. x = 0.1-இல் அவை இன்னும் முழுதாக மறையவில்லை.

ஆர்னால்ட் எதிர்பார்த்தது இந்தச் சுருக்கத்தையும் தாண்டிய ஒன்று. இரண்டு வளைகோடுகள் ஆதிப்புள்ளியை 45 டிகிரிச் சாய்வில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்கின்றன என்று வரைந்து பாருங்கள். அவற்றுக்கிடையே நிலைக்குத்தாக அளந்த இடைவெளி f − g. நேர்மாறு என்பது வரைபடத்தை y = x கோட்டில் மடித்துப் பார்ப்பது. மடித்ததும் கிடைக்கோடு நிலைக்குத்தாகிவிடும். எனவே பகுதியில் இருப்பது அதே இரு கோடுகளுக்கிடையே கிடையாக அளந்த இடைவெளி. 45 டிகிரியில் சாய்ந்த ஒரு மெல்லிய பட்டையைக் குறுக்கே அளந்தாலும் மேலே அளந்தாலும் நீளம் ஒன்றுதான். ஆகவே விடை 1. இந்த வழியில் ஏழு என்ற எண்ணே வேண்டாம். நியூட்டன் காலத்தவர் சில நிமிடங்களில் முடிப்பார்கள் என்று ஆர்னால்ட் சொன்னதற்கு இப்படிப்பட்ட வடிவியல் கண்தான் காரணம்.

ஆனால் படத்தை நம்பும் முன், பட்டை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். f-ம் g-ம் எங்கோ ஓர் அடுக்கில் பிரிகின்றன என்பதைத் தொடர் காட்டியது. தொடரால் காட்டவே முடியாத வித்தியாசங்களும் உண்டு. e^(−1/x²) என்ற சார்புக்கு x = 0-இல் 0 என்று மதிப்பு வைத்தால், அங்கே அதன் எல்லா வகைக்கெழுக்களும் பூஜ்யம். அதன் தொடரில் 0 + 0 + 0 + … தவிர வேறு எதுவும் இல்லை. ஆயிரம் உறுப்பு எழுதினாலும் ‘இன்னும் ஒன்று போ’ என்றுதான் சொல்லும். இப்படிப்பட்ட ஒன்று பின்னத்தில் உட்கார்ந்திருந்தால் லோபிதாலின் விதியை நேரடியாகத் திரும்பத் திரும்பப் போட்டாலும் பயனில்லை, அது முன்பைவிடப் பெரிய சிக்கலைத்தான் கொடுக்கும். 1/x² = u என்று மாற்றி, u பெருகும்போது e^(−u) எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்ப்பதே வழி. அதேபோல x log x-க்கும் பூஜ்யத்தைச் சுற்றி அடுக்குத் தொடர் கிடையாது. அங்கே log x / (1/x) என்று மாற்றி எழுதி லோபிதாலின் விதியை ஒரே ஒரு முறை போட்டால் முடிந்தது, எல்லை 0.

45 டிகிரி என்பது எவ்வளவு முக்கியம் என்று அறிய ஒரு சின்னச் சோதனை செய்யலாம். f-ஐயும் g-யையும் இரண்டால் பெருக்கி 2 sin(tan x), 2 tan(sin x) என்று வைத்து, அவற்றின் நேர்மாறுகளைக் கீழே போட வேண்டும். நேர்மாறுகளில் x இருந்த இடத்தில் x/2 வரும். இப்போது கோடுகளின் சாய்வு 2. மேலே −2x⁷/30 என்று தொடங்கும். கீழே −(x/2)⁷/30. வகுத்தால் 2 × 128. எல்லை 1 அல்ல, 256.